வெறும் "ஹலோ"வுக்கு நீல டிக் விழுந்துட்டா எவ்வளவு நேரத்துல பதில் போடணும்?

தேன்குழல்_காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடில வீட்லயே பலகாரம் போட்டுக் குடுக்குறேன். கைமுறுக்கு, தேன்குழல், மனகோலம், அதிரசம்னு கல்யாணச் சீருக்கு ஆர்டர் வரும், பாதிக்கு மேல வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர் ஆளுகதான். வெள்ளிக்கிழமை ராத்திரி சிங்கப்பூர்ல இருந்து ஒரு ஆச்சி வாட்ஸாப்ல "ஹலோ"ன்னு ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருக்காக, ரெண்டு வருஷமா நம்மகிட்ட வாங்குறவுகதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, என்ன வேணும் எப்ப வேணும்னு ஒரு வார்த்தை இல்ல. காலைல எந்திரிச்சுப் பாத்தா அதுக்குக் கீழ "பாத்துட்டு பேசாம இருந்தா என்ன அர்த்தம், சரி நாங்க வேற இடத்துல சொல்லிக்கிறோம்"னு இருக்கு. நான் பதறிப்போயி நான் பாக்கவே இல்ல ஆச்சின்னு போட்டா அவுக ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறாக, அவுக அனுப்புன மெசேஜை அமுக்கி இன்ஃபோன்னு போனா வரும்ல அது. டெலிவர்டு 12:12, ரெட் 12:28. கூடவே என் லாஸ்ட் சீன் 1:35னு இன்னொரு ஸ்க்ரீன்ஷாட். சாமி சத்தியமா நான் அன்னைக்கு பதினொன்றரைக்கெல்லாம் தூங்கிட்டேன். 12:28க்கு என் போனை யாரு எடுத்தா? பேயா?

ரெண்டாவது கேள்வி, அதான் முக்கியம். ஒருத்தர் வெறும் ஹலோ போட்டா, நம்ம பாத்தது அவுகளுக்குத் தெரிஞ்சா, எவ்வளவு நேரத்துக்குள்ள பதில் சொல்லணும்? பாத்தது தெரியலன்னா எவ்வளவு நேரம் விடலாம்? இதுக்கெல்லாம் கணக்கு இருக்கா?

நேமத்தான்

ஆச்சி இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை. செட்டிங்ஸ்ல பிரைவசில போயி ரீட் ரிசீப்ட்ஸ ஆஃப் பண்ணுங்க, லாஸ்ட் சீன நோபடின்னு வைங்க, முடிஞ்சது கதை. நீல டிக்கே வராது, யாரும் கேக்க மாட்டாக. நான் நாலஞ்சு வருஷமா அப்படித்தான் நிம்மதியா இருக்கேன். அவசரப்பட்டு ஒரு ஹலோவ திறந்துட்டீங்கன்னா திரும்ப மார்க் ஆஸ் அன்ரெட் குடுத்துருங்க, டிக் பழையபடி ஆயிடும்.

புதுவயல் புள்ள

ஒரே டிக் வந்தா ப்ளாக் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். எனக்கும் இப்படித்தான் ஆச்சு, நம்ம ஃபிரண்டு ஒருத்தன் 3 மாசமா ஒரே டிக். அவனுக்கு கடன் குடுத்தது நான். அவனை எப்படி அன்ப்ளாக் பண்ண வைக்கிறது யாராச்சும் சொல்லுங்க

செல்கடை தேவகோட்டை

புதுவயல் தம்பி, ஆச்சி கேக்குறது நீல டிக்கைப் பத்தி, ஒத்த டிக்கைப் பத்தி இல்ல. ஒத்த டிக்னா மெசேஜ் அந்தப் போனுக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான். போன் ஆஃபா இருக்கலாம், நெட் இல்லாம இருக்கலாம், நம்பரை மாத்தியிருக்கலாம், ப்ளாக்காவும் இருக்கலாம். 3 மாசம்னா எதுவா இருந்தாலும் பணத்தை நேர்ல போய் கேளுங்க.

நேமத்தான் அண்ணே சொன்னதுல பாதி சரி. ரீட் ரிசீப்ட் ஆஃப் பண்ணா நம்ம பாத்தது அவுகளுக்கு நீலமா தெரியாது, ஆனா அவுக பாத்ததும் நமக்குத் தெரியாது. லாஸ்ட் சீனும் அதே மாதிரிதான், நம்மளத மறைச்சா அடுத்தவுகளது நமக்கு மறைஞ்சிரும். குரூப்ல ஆஃப் பண்ணாலும் பாத்தது தெரியும், வாய்ஸ் மெசேஜ கேட்டாலும் தெரியும், அந்த மைக் நீலமாயிரும். மார்க் ஆஸ் அன்ரெட் சொன்னது சுத்தமா தப்பு. அது உங்க லிஸ்ட்டுல உங்களுக்கு ஞாபகத்துக்கு ஒரு புள்ளி வைக்கிறது, அந்தப் பக்கம் ஒரு தடவை நீலமானது நீலம்தான், திரும்பாது.

இப்ப ஆச்சியோட பேய். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது சிங்கப்பூர்ல இருக்குற போன்ல. அந்த நேரம் எல்லாம் அந்தப் போனோட கடிகாரப்படி காட்டும், உங்க ஊர் நேரம் இல்ல. அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அப்ப 12:12ன்னா இங்க ராத்திரி 9:42, 12:28ன்னா இங்க 9:58. லாஸ்ட் சீன் 1:35ன்னா இங்க 11:05. இப்ப சொல்லுங்க, 9:58க்கு போன் எங்க இருந்துச்சு, 11 மணிக்கு என்ன பண்ணீங்க?

தேன்குழல்_காரைக்குடி

அண்ணே கும்புட்டுக்கிறேன், எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. ஒன்பது மணிக்கே சார்ஜ்ல போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன், மறுநாளைக்கு அதிரசப் பாகு எடுக்க வேண்டியிருந்துச்சு, பாகு வைக்கிறப்ப போனைத் தொட மாட்டேன், ஒரு நிமிஷம் அசந்தா பதம் போயிரும். அப்புறம் பதினோரு மணி வாக்குல போனை எடுத்து அன்னைக்குச் சுட்ட மனகோலத்தைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ் வச்சுட்டுப் படுத்துட்டேன். அப்ப லாஸ்ட் சீன் சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த 9:58 இன்னும் புரியல, அப்ப போன்கிட்ட யாருமே இல்ல. 11 மணிக்கு எடுத்தப்பகூட அந்த ஹலோ புதுசா வந்த மாதிரி காட்டவே இல்ல, பச்சையா நம்பர் ஒண்ணும் இல்ல.

செல்கடை தேவகோட்டை

லேப்டாப்ல வாட்ஸாப் வெப் போட்டிருக்கீங்களா? லிங்க்டு டிவைசஸ்ல போயிப் பாருங்க.

தேன்குழல்_காரைக்குடி

ஆமாண்ணே!! மகதான் ஆர்டர் கணக்கு எழுத லேப்டாப்ல போட்டுருக்கா. இப்பத்தான் கேட்டேன். அன்னைக்கு ராத்திரி பழைய பார்சல் அட்ரஸ் எடுக்குறதுக்கு இந்த ஆச்சியோட சாட்டைத்தான் திறந்து வச்சிருந்தாளாம். இடைல வேற பக்கம் போயி எதோ பாத்துட்டு திரும்ப வந்தாளாம். ஹலோன்னு இருந்துச்சு, நீ பேசுவேன்னு விட்டுட்டேன்னு சாவகாசமா சொல்றா.

செல்கடை தேவகோட்டை

அதான். சாட் திறந்தபடி இருக்கு, ஜன்னல் பின்னால இருந்தப்ப மெசேஜ் வந்து ரெண்டு சாம்பல் டிக்கோட நின்னுருச்சு. 9:58க்கு உங்க மக அந்தப் பக்கம் திரும்புனதும் நீலமாயிருச்சு. லேப்டாப்ல படிச்சா போன்லயும் படிச்சதாத்தான் ஆகும், நோட்டிபிகேஷனும் போயிரும், பச்சை நம்பரும் போயிரும். அதான் 11 மணிக்கு உங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீல டிக்னா "இந்த ஆள் படிச்சாச்சு"ன்னு இல்ல ஆச்சி, "இந்தக் கணக்குல எங்கயோ இந்த சாட் திறந்துச்சு"ன்னுதான். கடைக்கு வர்றவுகள்ல பாதி சண்டை இதுலதான் வருது, புருஷன் பொண்டாட்டி சண்டை உட்பட.

எதிர்ப்பக்கமும் உண்டு. மேல நோட்டிபிகேஷன்ல முழுசா படிச்சுட்டு திறக்காம விட்டா சாம்பல்தான். ஹலோ மாதிரி ஒரு வார்த்தைய படிக்க திறக்கவே வேணாமே. ஆக நீலம் இருந்தும் படிக்காதவுக உண்டு, சாம்பலா இருந்தும் படிச்சவுக உண்டு.

கண்டாங்கி

எல்லாம் சரி, ஆனா அந்த சிங்கப்பூர் ஆச்சி இதையெல்லாம் எப்படிக் கண்டாக? அவுகளுக்குத் தெரிஞ்சது மூணு. பாத்தாச்சு, ஒரு மணி நேரம் கழிச்சும் ஆன்லைன்ல இருக்காக, அதுவும் சும்மா இல்ல, மனகோலம் படம் ஸ்டேட்டஸ் வைக்கிறாக! நானா இருந்தாலும் கோவம்தான் வரும்.

எங்க வீட்டுல இதுனாலயே ஒரு பெரிய வில்லங்கம் வந்துச்சு. எங்க சம்பந்தியம்மா ஹாய்னு போடுவாக, அவ்வளவுதான். நான் வேலையா இருப்பேன், திறந்துட்டு அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுருவேன். ஒரு நாள் பொண்ணு வந்து அம்மா அத்தை உன்னைப் பத்திக் கேக்குறாக, என் மேல எதும் வருத்தமான்னு. அஞ்சு நிமிஷம் லேட்டா போட்டதுக்கு இல்ல, லாஸ்ட் சீன் ஓடிக்கிட்டே இருக்கு பதில் மட்டும் வரலன்னு. அதுல இருந்து அவுக ஹாய் வந்தா அடுப்புல பால் பொங்குனாலும் "வாங்க சம்பந்தி"ன்னு போட்டுட்டுதான் மறுவேலை.

தேக்கா காரன்

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், சொந்த ஊர் கோட்டையூர். ஹலோ அனுப்புற ஆளுகளைத் திட்டுற மாதிரியே பேசுறீங்களே, எங்க பக்கத்தையும் கேளுங்க.

நாங்க ஏன் வெறும் ஹலோ போடுறோம்னா, ஒண்ணு, எடுத்த எடுப்புல "300 அதிரசம் வேணும்"னு கேக்குறது ஒரு மாதிரி இருக்கும், நாலு வார்த்தை நலம் விசாரிச்சுட்டுத்தானே கேக்கணும், எங்க ஆத்தா அப்படித்தான் சொல்லி வளர்த்தாக. ரெண்டு, நாங்க உண்மைல எழுத வரல, கூப்பிட வர்றோம். ராத்திரி நேரம், அங்க தூங்கிட்டாகளா முழிச்சிருக்காகளான்னு தெரியாது, திடுதிப்புனு போன் அடிச்சா என்னமோ ஏதோன்னு பயந்துருவாக. ஹலோ போட்டுப் பாப்போம், நீலமானா முழிச்சிருக்காகன்னு தெரிஞ்சுரும், பதில் வந்தா கூப்பிடுவோம். சாம்பலா இருந்தா தூங்கட்டும்னு விட்டுருவோம், அதுல வருத்தமே கிடையாது. நீலமாகி பதில் இல்லன்னாதான் ஒரு மாதிரி ஆயிரும். அந்த ஆச்சி ராத்திரி 12 மணிக்கு மேல உக்காந்திருந்திருக்காகன்னா ஏதோ அவசரம் இருந்திருக்கும்.

நேமத்தான்

அவசரம்னா அவசரம்னு எழுத வேண்டியதுதானே தம்பி. ஹலோன்னு எழுத நேரம் இருக்கு, "புதன்கிழமைக்கு வேணும்"னு எழுத நேரம் இல்லையா. ஒண்ணுமே சொல்லாதவுகளுக்கு உடனே பதில் வேணும்னு கேக்க உரிமை இல்ல. இன்னொண்ணு, ஆன்லைன்னு காட்டுச்சுன்னா நம்ம மெசேஜைப் பாத்துட்டாகன்னுதான் அர்த்தம், அதுல என்ன பேச்சு.

செல்கடை தேவகோட்டை

இல்லண்ணே. ஆன்லைன்னா ஆப் முன்னால திறந்திருக்கு, நெட் இருக்கு, அவ்வளவுதான். மகனோட வீடியோ கால்ல இருக்கலாம், ஊர் குரூப்ல சண்டை போட்டுக்கிட்டு இருக்கலாம். உங்க சாட்டைத் தொட்டிருக்கணும்னு இல்ல. லாஸ்ட் சீனும் அப்படித்தான், கடைசியா ஆப் எப்ப திறந்திருந்துச்சுன்னு மட்டும்தான். அதை வச்சு உங்களைப் பாத்தாகளான்னு சொல்ல முடியாது.

பள்ளத்தூர் வாத்தியார்

ரொம்ப நேரமா படிச்சுக்கிட்டு இருக்கேன், மொழியியல் சொல்லிக்குடுக்குறவன், சும்மா இருக்க முடியல. நேமத்தார் கேட்ட உரிமைங்கற கேள்விதான் இதுல நடு.

இமானுவேல் ஷெக்லாஃப்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1968ல டெலிபோன் பேச்சு எப்படி ஆரம்பிக்குதுன்னு ஒரு கட்டுரை எழுதினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த, அங்கருந்து போன ஏறக்குறைய 500 கால் பதிவுகளை வச்சுப் பாத்தார். போன எடுக்குறவர்தான் முதல்ல பேசுவார்ங்கறதுதான் அவர் முதல்ல கண்டுபுடிச்ச விதி. எல்லா காலும் அதுக்கு ஒத்து வந்துச்சு, ஒண்ணே ஒண்ணு தவிர. அந்த ஒண்ணுல எடுத்த ஆளு பேசாம இருந்துட்டார், கூப்பிட்டவர் ஹலோன்னார். வேற ஆளா இருந்தா அந்த ஒண்ணை ஓரம் கட்டியிருப்பாக. அவர் அதையே புடிச்சுக்கிட்டு யோசிச்சார். போன் மணி அடிக்குதே, அதுவே ஒரு அழைப்பு, எடுத்து பேசுறது அதுக்கான பதில். பதில் வரலன்னா கூப்பிட்டவர் என்ன பண்ணுவார்? திரும்ப கூப்பிடுவார். அந்த ஹலோ திரும்ப அடிச்ச மணி. அதாவது வணக்கம் சொன்னது இல்ல, கூப்பிட்டது.

நம்ம வாட்ஸாப் ஹலோவும் அதேதான். நலம் விசாரிப்பு மாதிரி வேஷம் போட்ட மணி. முகப்புல நின்னுக்கிட்டு ஒருத்தர் "ஆச்சி!"ன்னு கூப்பிடுற மாதிரி வச்சுக்கங்களேன். ரெண்டாங்கட்டுல இருக்குறவுக "இந்தா வர்றேன்"னு குரல் குடுத்துட்டு கை வேலைய முடிச்சுட்டு மெதுவா பட்டாலைக்கு வருவாக. அங்க ரெண்டு பதில் இருக்கு, குரல் உடனே, ஆள் அப்புறம். இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சுத்தான் எல்லாரும் குழம்புறோம்.

கூப்பிட்டு பதில் வரலன்னா கூப்பிட்டவர் மனசுல மூணு காரணம் வரும். ஆள் இல்ல, ஆள் வேலையா இருக்கு, ஆளுக்கு நம்ம மேல வருத்தம். பழைய லேண்ட்லைன் காலத்துல முதல் காரணமே எல்லாத்தையும் காப்பாத்திரும், அடிச்சுப் பாத்தேன் எடுக்கல, வீட்ல இல்ல போல. லாஸ்ட் சீன் அந்த முதல் காரணத்தை லேசா ஆட்டுது. நீல டிக் அதை அடியோட எடுத்துருது. மிச்சம் இருக்குறது வேலையும் வருத்தமும். ஸ்டேட்டஸ் வேற வச்சுட்டா வேலைங்கறதும் போச்சு. கடைசில ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும். சிங்கப்பூர் ஆச்சி 9:58ல இருந்து 11:05 வரைக்கும் படிப்படியா அங்கதான் வந்து நின்னுருக்காக, அவுக மேல ஒரு தப்பும் இல்ல.

கண்டாங்கி

வாத்தியாரே அப்படிப் பாத்தா எல்லா மெசேஜுக்கும் இதே கதைதானே? ஹலோவுக்கு மட்டும் என்ன தனியா?

பள்ளத்தூர் வாத்தியார்

நல்ல கேள்வி ஆச்சி. "புதன்கிழமைக்கு 300 அதிரசம் முடியுமா, என்ன விலை"ன்னு கேட்டு அது நீலமாயிருச்சுன்னு வைங்க. ஒரு மணி நேரம் பதில் இல்லன்னா, அனுப்புனவுக என்ன நினைப்பாக? வெல்லம் இருக்கான்னு பாக்குறாக, ஆள் கிடைக்குமான்னு விசாரிக்கிறாக, கணக்குப் போடுறாக. அந்தக் கேள்வியே பதில் சொல்றவுகளுக்கு அவகாசத்தையும் சேத்துக் குடுத்துருது. ஹலோவுல யோசிக்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. அதனால அது நீலமாகி சும்மா கிடந்தா அதுக்கு சாக்கே கிடையாது. கம்மியா எழுதுனவுகளுக்குத்தான் சீக்கிரம் பதில் வேண்டியிருக்கு, நேமத்தார் சொல்ற மாதிரி இதுல ஒரு அநியாயம் இருக்கத்தான் செய்யுது.

நேமத்தான்

அப்பாடா, என் பேச்சுலயும் ஒரு நியாயம்னு வாத்தியார் வாயால வந்துருச்சு. ஆனா நீங்க சொல்ற "இந்தா வர்றேன்" வாட்ஸாப்ல வேலைக்கு ஆகாது வாத்தியாரே. நான் "சொல்லுங்க"ன்னு ஒரு வார்த்தை போட்டேன்னு வைங்க, அவ்வளவுதான், நான் சிக்கிட்டேன். டைப்பிங், டைப்பிங்னு ஓடும். அப்புறம் அவுக கேட்டதுக்கு பதில் போடாம ஓட முடியுமா? ஹலோவுக்கு பதில் போடாதவன் வேலையா இருக்கான், சொல்லுங்கன்னுட்டு காணாமப் போனவன் மரியாதை கெட்டவன். அதுனாலதான் நான் திறக்கவே மாட்டேன்.

பள்ளத்தூர் வாத்தியார்

அது சரியான பயம்தான். அழைப்புக்கு பதில் சொன்னதும் அடுத்து பேச வேண்டியது கூப்பிட்டவர் கடமை, கேக்க வேண்டியது பதில் சொன்னவர் கடமை. வெறும் "சொல்லுங்க"ல எப்ப கேப்பேன்னு இல்லாததாலதான் சிக்குறோம். குரல் குடுக்குறப்பவே நேரத்தையும் சேத்துக் குடுத்துரணும்.

தேக்கா காரன்

அதான் எங்களுக்கும் வேணும். "பாகு வச்சுக்கிட்டு இருக்கேன், காலைல 7க்கு கூப்பிடுறேன்"னு ஒரு வரி வந்தா நான் நிம்மதியா படுத்துருவேன். 7ன்னா எந்த ஊர் 7ன்னும் சொல்லிருங்க, அதுல வேற ஒரு தடவை நான் விடியக்காலைல முழிச்சு உக்காந்திருந்தேன்.

புதுவயல் புள்ள

அப்ப ஒரே டிக்குல இருக்குறவனுக்கு ஹலோ அனுப்பலாமா பணத்தைக் கேட்டு அனுப்பலாமா

கண்டாங்கி

தம்பி, போய்ச் சேராத மெசேஜ்ல எதை எழுதுனா என்ன.

தேன்குழல்_காரைக்குடி

வாத்தியார் ஐயா சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சுச்சு. ஆனா நடைமுறைல கேக்குறேன், எனக்கு ஒரு நாளைக்கு இந்த மாதிரி ஹாய் ஹலோ நிறைய வருது, அடுப்படில கை எல்லாம் மாவு. எதுக்கு உடனே, எதை விடலாம்? பிசினஸ் வாட்ஸாப்ல தானா பதில் போற மாதிரி வைக்கலாம்னு மக சொல்றா, அது சரியா வருமா?

செல்கடை தேவகோட்டை

வரும், ஆனா பாத்து வைக்கணும். வாட்ஸாப் பிசினஸ் ஆப்ல ரெண்டு இருக்கு. க்ரீட்டிங் மெசேஜ்னு ஒண்ணு, புதுசா முதல் தடவை எழுதுறவுகளுக்கும் 14 நாளா பேச்சு வார்த்தையே இல்லாம திரும்ப எழுதுறவுகளுக்கும் போகும். இன்னொண்ணு அவே மெசேஜ், கடை நேரம் தாண்டி வர்றதுக்கு மட்டும் போற மாதிரி நேரம் வச்சுக்கலாம். இந்த சிங்கப்பூர் ஆச்சிக்கு 9:42க்கு அவே மெசேஜ் போயிருந்தா "காலை 7 மணிக்கு மேல் (இந்திய நேரம்) பதில் சொல்வோம், என்ன வேணும் எந்தத் தேதின்னு எழுதிப் போட்டுருங்க"ன்னு போயிருக்கும். 9:58க்கு நீலமானாலும் பாதகமில்ல. போன்ல நெட் இருக்கணும், அது இல்லன்னா தானா பதில் போகாது, அதை மறந்துராதீங்க.

யாருக்குப் போகணும்னும் தேர்ந்தெடுக்கலாம். எல்லாருக்கும், இல்ல கான்டாக்ட்ல இல்லாதவுகளுக்கு மட்டும், இல்ல இன்னாரைத் தவிரன்னு. சொந்தக்காரவுகளைத் தவிரன்னு வச்சுருங்க. எங்க சித்தி எனக்கு "ஏண்டா சாப்ட்டியா"ன்னு அனுப்ப "தங்கள் செய்திக்கு நன்றி, எங்கள் பணி நேரம் காலை 10 முதல்"னு போயி, அவுக ஒரு வாரம் பேசல.

கண்டாங்கி

ஹாஹா, பணி நேரமா!

என் கணக்கை சொல்றேன் ஆச்சி, இது யாரும் ஒத்துக்கணும்னு இல்ல. திறக்காம நோட்டிபிகேஷன்லயே ஹலோன்னு தெரிஞ்சுருச்சுன்னா, எனக்குக் கை காலியா இல்லன்னா, திறக்கவே மாட்டேன். சாம்பலா இருக்குற ஹலோவ ராத்திரி வந்தா காலை வரைக்கும், பகல்ல வந்தா ஒரு வேளை சமையல் முடியுற வரைக்கும் விடுறது பெரிய தப்பு இல்ல, இடைல லாஸ்ட் சீன் மாறுனாலும் சரி, அண்ணே சொன்ன மாதிரி அதை வச்சு ஒண்ணும் நிச்சயமா சொல்ல முடியாதே. ஆனா திறந்துட்டேன்னா, அந்த சாட்டை மூடுறதுக்குள்ள ஒரு வரி போட்டுருவேன். அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம்னு எண்ணுறது இல்ல, மூடுறதுக்குள்ள. அதைப் போடாம ஸ்டேட்டஸ் பக்கம் மட்டும் தலை வச்சுப் படுக்க மாட்டேன், லாஸ்ட் சீன்கூட தற்செயல்னு சொல்லிக்கலாம், ஸ்டேட்டஸ் நம்ம கையால வச்சது.

நேமத்தான்

சாம்பலுக்கு காலை வரைங்கறதை ஒத்துக்குறேன். நீலத்துக்கு மூடுறதுக்குள்ளங்கறதை ஒத்துக்க மாட்டேன். தெரியாத நம்பர்ல இருந்து ஹலோ வருது, ஹாய் டியர்னு வருது, அதையும் திறந்த பாவத்துக்கு வாங்க டியர்னு போடணுமா?

செல்கடை தேவகோட்டை

தெரியாத நம்பருக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லண்ணே. யாருன்னு சொல்லாம ஹலோ மட்டும் வந்தா, அது வெளிநாட்டு நம்பரா வேற இருந்தா, பதில் போடாம இருக்குறதுதான் நல்லது, வேலை தர்றோம், பங்குச் சந்தைல போடுங்கன்னு ஆரம்பிக்கிறதெல்லாம் அந்த ஹலோவுல இருந்துதான். ஆனா ஆச்சிக்கு அதுலயும் சங்கடம், புது கஸ்டமரும் அப்படித்தான் வருவாக. அதுக்குத்தான் க்ரீட்டிங் மெசேஜ், ஆர்டர்காரவுகளா இருந்தா என்ன வேணும்னு எழுதுவாக, ஏமாத்துறவன் திரும்பவும் ஹாய்னுதான் போடுவான்.

பள்ளத்தூர் வாத்தியார்

அது நல்ல சல்லடை. கண்டாங்கி ஆச்சி கணக்குல எனக்கு ஒரு இடம் மட்டும் உறுத்துது. படிச்சுட்டே திறக்காம வைக்கிறோம்னா, ஆள் இல்லன்னு அவுக நினைச்சுக்கட்டும்னு நாமளே விடுறோம். அது பொய்யான்னு என் மாணவர்கள் வகுப்புல அடிச்சுக்குவாங்க. எனக்கே இன்னும் ஒரு முடிவு வரல.

கண்டாங்கி

வாத்தியாரே, உள்ள இருந்துக்கிட்டே இல்லன்னு சொல்லச் சொன்னாத்தான் பொய். நான் ஒண்ணுமே சொல்லலியே!

நேமத்தான்

ஆச்சி இப்பத்தான் என் கட்சிக்கு வந்தாக. அப்ப ஒரேடியா ஆஃப் பண்ணிட வேண்டியதுதானே.

தேக்கா காரன்

ஆஃப் பண்ணாதீங்க ஆச்சி, குறிப்பா ஆர்டர் எடுக்குறவுக. எப்பவுமே நீலமாகாத ஆளுகிட்ட எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பார்சல் அட்ரஸ் அனுப்புனேன் பாத்தாகளா இல்லையான்னு தெரியாம கூப்பிட்டு கூப்பிட்டுக் கேக்கணும். உங்களுக்கும் அதேதான், பணம் போடச் சொல்லி அக்கவுண்ட் நம்பர் அனுப்புனா நாங்க பாத்தோமான்னு உங்களுக்குத் தெரியாமப் போயிரும்.

தேன்குழல்_காரைக்குடி

அதுவும் சரிதான், அக்கவுண்ட் நம்பர் அனுப்பிட்டு நீலமாச்சான்னு பத்து தடவை பாக்குற ஆளு நான். ஆஃப் பண்ணல.

ஆச்சிகிட்ட பேசிட்டேன். எழுதாம நேரா போன் அடிச்சேன், அங்க காலைல பத்து மணி இருக்கும். லேப்டாப் கதையெல்லாம் சொன்னேன், முழுசா நம்புனாகளான்னு தெரியல, "அப்படியா, சரி சரி"ன்னாக. மகனுக்கு பாஸ்போர்ட் விஷயமா கல்யாணத் தேதி முன்னால வந்துருச்சாம், அதான் அன்னைக்கு ராத்திரியே பேசணும்னு உக்காந்திருக்காக. அதிரசத்தையும் மாவுருண்டையையும் வேற இடத்துல சொல்லியாச்சு, அதைத் திருப்ப முடியாது. கைமுறுக்கு மட்டும் என்கிட்ட குடுத்துருக்காக, அதுவும் உன் கைச்சுத்து வேற யாருக்கும் வராதுன்னு சொல்லிட்டு. நீங்க ஹலோவோட தேதியையும் சேத்துப் போட்டிருந்தா மகளாவது ஓடி வந்து சொல்லியிருப்பாளே ஆச்சின்னு லேசா சொன்னேன், சிரிச்சாக.

மகளுக்கு லேப்டாப்ல வேலை முடிஞ்சா சாட்டை விட்டு வெளில வந்துரணும்னு சொல்லியிருக்கேன். அவே மெசேஜும் ராத்திரி 9ல இருந்து காலை 7 வரைக்கும் வச்சாச்சு. எழுதுனதை இங்க போடுறேன், சரியா இருக்கான்னு சொல்லுங்க: "வணக்கம். இப்ப அடுப்படில இருக்கோம். என்ன பலகாரம், எத்தனை, எந்தத் தேதிக்குன்னு எழுதி வைங்க, காலை 7 மணிக்கு மேல (இந்திய நேரம்) நானே கூப்பிடுறேன். ரொம்ப அவசரம்னா தயங்காம போன் அடிங்க."

செல்கடை தேவகோட்டை

நல்லா இருக்கு ஆச்சி. போன் அடிங்கன்னு போட்டதுக்கு அப்புறம் போனை சைலன்ட்ல சார்ஜ்ல போட்டுறாதீங்க.

நேமத்தான்

நானே கூப்பிடுறேன்னு எழுதாதீங்க, காலைல ஏழு மணிக்கு பத்து பேரைக் கூப்பிட முடியுமா? பதில் போடுறேன்னு மாத்துங்க.

தேக்கா காரன்

கூப்பிடுறேன்னே இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாங்க ஹலோவே போடுறோம்.